சமவுயரக் கோடுகளுக்கு இடைப்பட்ட இடத்தின் உயரம் காணும் முறை

குமாரலிங்கபுரம் போன்ற கிராமங்களில் கூட்டுறவுச் சங்கத்தார் கூடிப் பேசும் விஷயங்களுள் தண்ணீரே முதன்மையானது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பிரதேசம் முழுவதும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வாழும் வானம் பார்த்த பூமி. பெய்கிற சில நாளில் மேட்டுக் கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியே நீர் வெளியேறிவிடுகிறது. அதற்கு ஒரு மைல் தூரத்துக்குள் இருக்கும் ஊருணியோ மாசி பிறக்கும் முன்பே வறண்டு போகிறது. கலுங்கில் வீணாகும் நீரை ஒரு கால்வாய் வெட்டி ஊருணிக்குக் கொண்டுவந்தால் என்ன என்று எவரேனும் ஓர் அங்கத்தினர் கேட்பார். மற்றொருவர், ஊருணி மேட்டில் இருக்கிறது, தண்ணீர் ஏறாது என்பார். கண்ணால் பார்த்து இவ்விவாதத்தைத் தீர்க்க முடியாது. நமது கரிசல் தரை அவ்வளவு சமமாகத் தோன்றுவது; 400 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் சரிவு என்றால் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அது சரிவாகவே படாது.

இத்தகைய சமயத்தில் சர்வே இலாகாவின் நிலப்படத்தை விரித்து, இரண்டு இடங்களின் உயரத்தையும் அதிலிருந்து கணக்கிட்டுப் பார்க்கலாம். அக்கணக்கு எவ்வாறு செய்வது, அதன் விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்னும் இரண்டையுமே இப்பாடம் கூறுகிறது. பின்னது முன்னதைவிட முக்கியமானது. கணக்குத் தெரிந்து, அதன் எல்லை தெரியாதவர்கள் சங்கப் பணத்தைச் செலவிட்டு, தண்ணீர் பின்னோக்கி ஓடும் கால்வாயை வெட்டிவிடக்கூடும்.

படமும் கோடுகளும்

இந்திய சர்வே இலாகா வெளியிடும் நிலப்படத் தாள்களில் அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய இரு ஊர்களும் 58 கே என்னும் பகுதியில் அடங்கும். இத்தாள்களின் அளவு 50,000-க்கு 1. அதாவது, படத்தில் 1 சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டர்; 1 மில்லிமீட்டர் 50 மீட்டர். இவற்றுக்கு முன் வழங்கிய பழைய தாள்கள் ஒரு மைலுக்கு ஓரங்குலம் என்னும் அளவில் இருந்தன; அவற்றில் உயரங்கள் அடிக்கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். ஆகையால் எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும், அதன் அடி ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவையும் உயர இடைவெளியையும் முதலில் படித்துக்கொள்ள வேண்டும்.

படத்தில் பழுப்பு நிறத்தில் வளைந்து செல்லும் கோடுகளே சமவுயரக் கோடுகள். இவற்றின் பொருளை நம் கண்மாயைக் கொண்டே அறியலாம். நிரம்பிய கண்மாயில் நீர் வற்றும்போது, நீர் நின்ற விளிம்பு ஒவ்வொரு வாரமும் ஒரு ஈரக்கோடாகக் கரையோரத்தில் படிந்து நிற்கிறது. ஒரு கோட்டின் மேல் எங்கே நின்றாலும் உயரம் ஒன்றே, ஏனெனில் நின்ற நீர் எங்கும் ஒரே மட்டத்தில்தான் இருக்கும். கரை செங்குத்தாய் உள்ள பக்கத்தில் அந்தக் கோடுகள் நெருங்கியும், உள்வாயில் தரை மெல்லச் சரியும் பக்கத்தில் அகன்றும் காணப்படும். படத்தின் சமவுயரக் கோடும் இதுவே. நீர் மட்டத்துக்குப் பதிலாகச் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து எண்ணிய உயரம் என்பது ஒன்றே வேற்றுமை.

ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் தாள் முழுவதிலும் ஒன்றாயிருக்கும். இது 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கோடுகளுக்கு ஒன்று தடித்து வரையப்பட்டிருக்கும். ஆகவே 100 மீட்டர்க் கோடு தடித்தும், 80 மீட்டர்க் கோடு மெலிந்தும் காணும். கோட்டின் நடுவே சிறிது இடம் விட்டு அதன் உயர எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் கண்ணில் படும் வரையில் கோட்டின் வழியே விரலை நகர்த்திச் செல்ல வேண்டும். ஊகித்து எண் சொல்லுதல் கூடாது. சமதரையில் அடுத்தடுத்த இரண்டு கோடுகள் படத்தில் ஒரு சாண் தூரம் விலகி நிற்பதும் உண்டு.

எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்பதையும் கோட்டின் எண்களால் மட்டும் தீர்மானிக்காமல் கண்மாய்களைக் கொண்டு சரிபார்த்துக்கொள்வது நல்லது. கண்மாயின் கரை எப்போதும் பள்ளத்துப் பக்கத்தில்தான் இருக்கும். உள்வாய் மேட்டுப் பக்கம் விரிந்திருக்கும். படத்தில் கரை பிறைபோல் வளைந்து தெரியும். பிறையின் முதுகு நோக்கும் திசையே சரிவின் திசை. ஒரு கண்மாயின் கலுங்கு நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும் ஓடையும் அத்திசையையே காட்டும். குண்டாறும் பிற ஓடைகளும் கடலை நோக்கிச் செல்வதால், நம் பிரதேசத்துச் சரிவு பெரும்பாலும் கிழக்கும் தென்கிழக்குமாக இருக்கும். நீங்கள் படித்த எண்கள் இதற்கு மாறாக இருந்தால், ஏதோ ஒரு கோட்டின் எண்ணைத் தவறாக வாசித்திருக்கிறீர்கள் என்று கொள்க.

கணக்கு

கோட்டின் மேலேயே விழும் இடத்துக்கு உயரம் தெரிந்துவிடுகிறது. ஆனால் நமக்கு வேண்டிய கலுங்கும் ஊருணியும் 80 மீட்டர்க் கோட்டுக்கும் 100 மீட்டர்க் கோட்டுக்கும் நடுவே கிடக்கின்றன. இதற்குப் பள்ளிக்கூடத்தில் படித்த திரைராசிகக் கணக்கே போதும். தரை ஒரு கோட்டிலிருந்து மறு கோடு வரையில் ஒரே சீராக ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், தூரத்தில் எத்தனை பங்கு கடந்திருக்கிறோமோ அத்தனை பங்கு உயரமும் ஏறியிருக்கிறோம் என்பதே இதன் கருத்து.

முதலில் இடத்தின் மேல் கூர்மையான பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு அளவுகோலின் ஓரம் அப்புள்ளியைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து, கோலை மெல்லத் திருப்பிக்கொண்டே, கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே உள்ள மொத்த தூரம் எந்த நிலையில் மிகக் குறைவாகிறது என்று பார்க்க வேண்டும். அந்த நிலையில் கோல் இரண்டு கோடுகளையும் ஏறக்குறைய நேர் குறுக்காக வெட்டும். மழைநீர் தரையில் இறங்கும் வழியும் அதுவே. கோடுகள் இரண்டும் நேராகவும் இணையாகவும் சென்றால் கோலைச் சாய்த்து வைத்தாலும் விடை மாறாது. ஆனால் இயற்கையில் கோடுகள் வளைந்தே செல்லும். சாய்ந்த கோல் ஒரு வளைவின் மூக்கை வெட்டிச் சென்றால் பங்கு கெட்டுவிடும். ஆதலால் மிகக் குறைந்த தூரத்தைத் தேடும் பழக்கத்தை விடலாகாது.

பிறகு கீழ்க் கோட்டிலிருந்து புள்ளி வரை உள்ள தூரத்தையும், கீழ்க் கோட்டிலிருந்து மேல் கோடு வரை உள்ள மொத்த தூரத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்க. முன்னதை உயர இடைவெளியால் பெருக்கி, பின்னதால் வகுத்து, வந்த ஈவைக் கீழ்க் கோட்டின் உயரத்தோடு கூட்ட வேண்டும்.

உதாரணமாகச் சில எண்களை வைத்துக் கணக்கைச் செய்து பார்ப்போம். இவை பாடத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர்த் தாளில் அளந்து வருபவை வேறாக இருக்கும்.

கலுங்கின் அருகே வைத்த புள்ளி 80 மீட்டர்க் கோட்டிலிருந்து 52 மில்லிமீட்டர். அதே வரியில் 80-லிருந்து 100 வரை மொத்தம் 160 மில்லிமீட்டர். 52-ஐ 20-ஆல் பெருக்க 1,040. அதை 160-ஆல் வகுக்க ஆறரை. ஆகவே கலுங்கடித் தரையின் உயரம் 86½ மீட்டர்.

ஊருணிக் கரையில் வைத்த புள்ளிக்கு வேறு வரி. கலுங்குக்கு அளந்த மொத்த தூரத்தை இதற்கும் எடுத்துக்கொள்வது கூடாது. கோலை மறுபடியும் திருப்பி அளக்க வேண்டும். இங்கே 80 மீட்டர்க் கோட்டிலிருந்து 38 மில்லிமீட்டர், மொத்தம் 152. 38-ஐ 20-ஆல் பெருக்க 760. 152-ஆல் வகுக்க 5. ஊருணியின் உயரம் 85 மீட்டர்.

கலுங்குக்கும் ஊருணிக்கும் படத்தில் 24 மில்லிமீட்டர். தரையில் 1,200 மீட்டர். அந்தத் தூரத்துக்கு ஒன்றரை மீட்டர் இறக்கம். 800-க்கு 1 என்னும் வாட்டம். மண் கால்வாய்க்கு இது நல்ல வாட்டம் என்றே எவரும் சொல்லுவர். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறிவிடத் தடையில்லை போலத் தோன்றும்.

தாள் ஈரத்தால் சற்று விரிந்திருந்தாலும், நகல் எடுக்கும்போது பெரிதாகிவிட்டாலும் மேற்கண்ட உயரக் கணக்குக்குத் தீங்கில்லை. இரண்டு தூரங்களும் ஒரே பங்கில் மாறுவதால் ஈவு மாறாது. ஆனால் கால்வாயின் நீளம் கணக்கிடுவதற்கு நகலை நம்பலாகாது; அதற்குத் தாளின் அடியில் உள்ள அளவுக்கோட்டோடு ஒப்பிட்டே அளக்க வேண்டும்.

ஒரு புள்ளி செய்யும் மாறுதல்

இந்த நிலையில் தீர்மானம் எழுதும் முன், கணக்கு எதன் மேல் நிற்கிறது என்று நிதானிக்க வேண்டும். தரை ஒரே சீராக ஏறுகிறது என்று நாமாக வைத்துக்கொண்டோம். படத்தில் 160 மில்லிமீட்டர் என்பது தரையில் 8 கிலோமீட்டர். மலைச்சரிவில் இரண்டு கோடுகளுக்கு இடையே தரை சீராக இருப்பதாகக் கொள்ளுதல் பெரும்பாலும் தகும், ஏனெனில் அங்கே அவை சில நூறு மீட்டருக்குள் நெருங்கி வரும். நம் சமதரையிலோ 8 கிலோமீட்டருக்குள் ஓடைகள், திட்டுகள், கண்மாய்ப் பள்ளங்கள், கரைகள் எல்லாம் அடங்கிவிடும். அவை யாவும் இடைவெளிக்குள் ஒளிந்து நிற்பதால் கோடுகள் அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லுவதில்லை.

ஆனால் படத்தில் கோடுகள் மட்டுமே இல்லை. ஆங்காங்கே ஒரு சிறு புள்ளியும் அதன் அருகே ஓர் எண்ணும் அச்சிட்டிருக்கும். அது அந்த இடத்தின் உயரம். சாலைகள் கூடும் இடங்களில் இவ்வகைப் புள்ளிகளைத் தேடிப் பார்க்க வேண்டும். மேற்படி உதாரணத்தில், கலுங்கின் வரியிலேயே கலுங்குக்குச் சற்று மேலே, 80 மீட்டர்க் கோட்டிலிருந்து 60 மில்லிமீட்டர் தூரத்தில், ஒரு சாலைச் சந்திப்பில் 84 என்னும் எண் இருப்பதாகக் கொள்வோம்.

நம் கணக்கின்படி அந்த இடம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? 60-ஐ 20-ஆல் பெருக்கி 160-ஆல் வகுத்தால் ஏழரை. அதாவது 87½ மீட்டர். படமோ 84 என்கிறது. மூன்றரை மீட்டர் வித்தியாசம். எனவே தரை சீராக ஏறவில்லை. கீழ்ப்பகுதியில் மிக மெதுவாக ஏறி, பிறகு வேகமாக ஏறுகிறது.

இப்போது கலுங்கின் உயரத்தை 80-க்கும் 100-க்கும் நடுவே தேடுவதைவிட, 80-க்கும் 84-க்கும் நடுவே தேடுவதே முறை. 52-ஐ 4-ஆல் பெருக்கி 60-ஆல் வகுக்க ஏறக்குறைய மூன்றரை. கலுங்கு 83½ மீட்டர் ஆகிறது. ஊருணியை முன்போல் 85 என்றே விட்டுவைத்தால், தண்ணீர் ஒன்றரை மீட்டர் மேலே ஏற வேண்டும்! சற்று முன் நல்ல வாட்டம் என்று கண்ட கால்வாய், ஒரு புள்ளியைப் பார்த்த மாத்திரத்தில் ஆகாத கால்வாயாகிவிட்டது.

இதுவும் முடிவான விடை அல்ல. கலுங்கின் பக்கத்துத் தரை கீழே தட்டையாக இருக்குமானால், 1,200 மீட்டர் தள்ளியுள்ள ஊருணியின் பக்கமும் அவ்வாறே இருக்கக்கூடும். ஊருணி வரியிலும் 84 மீட்டர் மட்டம் அதே பங்கில், அதாவது 152-இல் 57 மில்லிமீட்டரில் வருமென்று கொண்டால், 38-ஐ 4-ஆல் பெருக்கி 57-ஆல் வகுக்க 2.7; ஊருணி 82.7 மீட்டர். அப்போது கலுங்கிலிருந்து ஊருணிக்கு 80 சென்டிமீட்டர் இறக்கம் உண்டு. கால்வாய் மறுபடியும் ஆகுமென்றே தோன்றும்.

ஒரே தாளிலிருந்து மூன்று விடைகள் வந்தன: ஒன்றரை மீட்டர் இறக்கம், ஒன்றரை மீட்டர் ஏற்றம், முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமான இறக்கம். பெருக்கலிலோ வகுத்தலிலோ பிழை இல்லை. தரையின் வடிவத்தைப் பற்றி நாம் கொண்ட எண்ணம் மாற மாற விடை மாறிற்று. அளவுகோலை எவ்வளவு நுட்பமாகப் பிடித்தாலும் இது தீராது. இந்த உதாரணத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறி அளந்தால் உயரத்தில் 12½ சென்டிமீட்டரே பிசகும். சீரான சரிவு என்னும் எண்ணத்தால் வந்த பிசகோ 3 மீட்டர்.

எண்களை எடுத்துக்கொள்வதில் எச்சரிக்கை

புள்ளி உயரத்தைப் பயன்படுத்தும்போது அது எதன் மேல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்மாய்க் கரையின் முதுகில் உள்ள எண் பக்கத்து வயலின் உயரமாகாது. ஓடையின் நடுவில் உள்ள எண்ணும் அவ்வாறே. சாலை பெரும்பாலும் மண் கொட்டி உயர்த்தியது. ஆகவே மேற்படி 84 என்னும் எண்ணைவிடப் பக்கத்துத் தரை இன்னும் சற்றுத் தாழ்ந்தே இருக்கலாம்.

கண்மாய்க் கரை ஓரத்தில் சிறிய எண்ணோடு ஆங்கில ‘ஆர்’ எழுத்தும் சேர்ந்து காணப்படுவது உண்டு. அது கடல் மட்டத்திலிருந்து எண்ணிய உயரமன்று. கரை அதை அடுத்த தரையைவிட எத்தனை மீட்டர் உயர்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். 3 என்று அங்கே கண்டு, இந்த இடம் கடல் மட்டத்துக்கு 3 மீட்டர் உயரம் என்று கொண்டால் கணக்கு முழுவதும் பாழாகும்.

இடத்தின் இரு பக்கத்திலும் ஒரே எண்ணுள்ள கோடு இருந்தால் திரைராசிகமே செல்லாது. இரண்டு பக்கமும் 80 என்றால், அவ்விடம் 80-க்கு மேல் 100-க்குள் உள்ள திட்டாகவோ, 80-க்குக் கீழ் 60-க்கு மேலுள்ள பள்ளமாகவோ இருக்கும். எது என்பதைக் கண்மாய்க் கரையும் ஓடையுமே சொல்லும். எத்தனை மீட்டர் என்பதை அவையும் சொல்ல மாட்டா.

கோடும் ஊகமே

இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. சமவுயரக் கோடு தரையில் ஒவ்வோர் அடியும் அளந்து வரைந்ததன்று. 1774-ஆம் வருஷத்தில் ஸ்காட்லாந்து தேசத்தில் ஷிஹாலியன் என்னும் மலையை ஆதாரமாகக் கொண்டு, பூமியின் எடையைக் கண்டறிய நெவில் மாஸ்கெலின் என்னும் வான சாஸ்திரி சோதனை நடத்தினார். அதற்காக மலையின் மேல் பல இடங்களின் உயரம் அளக்கப்பட்டது. அவ்வெண்களைக் கொண்டு கணக்குச் செய்ய முற்பட்ட சார்ல்ஸ் ஹட்டன், படத்தில் எண்கள் சிதறிக் கிடப்பதைக் கண்டு, சம உயரமுள்ள இடங்களை ஒரு கோட்டால் இணைத்தார். மலையின் வடிவம் உடனே விளங்கிற்று. அளந்த இடங்களுக்கு நடுவே அக்கோடு எங்கே போகிறது என்பது திரைராசிகத்தாலும் கண் மதிப்பாலும் நிச்சயித்ததேயாகும். இன்று ஆகாய விமானப் படங்களைக் கொண்டு கோடுகள் வரையப்பட்டாலும், அவற்றுக்கும் பிசகு உண்டு.

அப்பிசகுக்கு ஒரு வரம்பு வைக்கும் வழக்கமும் உண்டு. அமெரிக்க நாட்டில் 1947-இல் வகுத்த விதியின்படி, படத்திலிருந்து அறிந்த உயரங்களைச் சோதித்தால், பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை அரை இடைவெளிக்கு மேல் தவறியிருக்கலாகாது. 20 மீட்டர் இடைவெளி என்றால் 10 மீட்டர் வரையில் பிசகுவதற்கு நல்ல படத்துக்கே இடமுண்டு என்பது இதன் கருத்து. அருகருகே உள்ள இரண்டு இடங்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் பிசகுமாதலால் அவற்றின் வித்தியாசம் அவ்வளவு கெடாது. ஆயினும் ஒன்றரை மீட்டர் வித்தியாசத்தை மெய்ப்பிக்க அது போதாது.

ஆகவே சங்கத்தார் கைக்கொள்ளத்தக்க விதி இது. இரண்டு இடங்களுக்கும் கணக்கில் கண்ட வித்தியாசம் ஒரு முழு இடைவெளியோ அதற்கு மேலோ இருந்தால் படத்தின் சொல்லை ஏற்றுக்கொள்ளலாம். ஊருணி 105 என்றும் கலுங்கு 84 என்றும் வந்தால் கால்வாய்ப் பேச்சை அன்றே விட்டுவிடலாம், ஒரு காசும் செலவில்லை. வித்தியாசம் அரை இடைவெளிக்கு மேலும் முழு இடைவெளிக்குக் குறைந்தும் இருந்தால் புள்ளி உயரங்களையும் கண்மாய்களின் வரிசையையும் சாட்சியாகக் கொண்டு பார்க்க வேண்டும். அரை இடைவெளிக்குக் குறைவாயின், படம் அந்தக் கேள்விக்கு விடை சொல்லவில்லை என்றே கொள்க. தரையில் மட்டம் பார்த்தே ஆக வேண்டும்.

தரையில் மட்டம் பார்த்தல்

பொறியாளர் வைத்திருக்கும் டம்பி லெவல் கிடைத்தால் நன்று. கிடைக்காவிட்டால், கொத்தனார்கள் வீடு கட்டும்போது மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற குழாயே போதும். 20 மீட்டருக்குச் சற்று நீளமான குழாயில் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, சென்டிமீட்டர் குறித்த இரண்டு கம்புகளில் இரு முனைகளையும் கட்டிக்கொள்ள வேண்டும். வேலை தொடங்குமுன் இரண்டு கம்புகளையும் ஒரே கல்லின் மேல் சேர்த்து நிறுத்திப் பார்க்க. நீர் இரண்டிலும் ஒரே குறியில் நிற்க வேண்டும். நில்லாவிட்டால் குழாயில் எங்கோ குமிழி அடைத்திருக்கிறது. அதை நீக்காமல் ஓரடியும் நகரலாகாது.

பிறகு கலுங்கில் ஒரு கம்பும், ஊருணித் திசையில் 20 மீட்டர் தள்ளி மற்றொரு கம்பும் நிறுத்தி, இரண்டிலும் நீர் நிற்கும் குறியை எழுதிக்கொள்க. பின் கம்பில் 1 மீட்டர் 10 சென்டிமீட்டர், முன் கம்பில் 1 மீட்டர் 13 என்றால், முன் தரை 3 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. முன் கம்பை அசையாமல் வைத்துப் பின் கம்பை அதற்கும் முன்னால் கொண்டுபோக வேண்டும். 1,200 மீட்டருக்கு இவ்வாறு 60 நிலைகள். ஏற்றங்களை ஒரு பக்கமும் இறக்கங்களை ஒரு பக்கமும் கூட்டிக் கழித்தால் மெய்யான வித்தியாசம் வரும். பிறகு ஊருணியிலிருந்து கலுங்குக்குத் திரும்பியும் அளக்க வேண்டும். போக்கும் வரவும் சில சென்டிமீட்டருக்குள் ஒத்திருந்தால் வேலை சரி. ஒரு சாண் வித்தியாசப்பட்டால் எங்கோ ஒரு குறி தவறாக எழுதப்பட்டிருக்கிறது.

அளக்கத் தொடங்கும் இடத்தையும் கவனிக்க. நீர் வெளியேறுவது கலுங்கின் தளத்துக்கு மேலே. அதன் அடித் தரையிலிருந்து அன்று. ஊருணியிலும் நமக்கு வேண்டியது நீர் நுழையும் வாயின் மட்டம். தோண்டிய குழியின் அடி மட்டமன்று. இவ்விரண்டையும் எந்தப் படமும் காட்டாது.

இவ்வளவும் செய்ய வேண்டியிருந்தால் படம் எதற்கு என்று கேட்கலாம். ஊரைச் சுற்றி எந்தக் கலுங்கிலிருந்து எந்த வழியாகக் கொண்டுவரலாம் என்று நாலைந்து யோசனைகள் எழும். ஒவ்வொன்றுக்கும் குழாயைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடப்பது இயலாது. முற்றிலும் ஆகாதவற்றை ஒரு மாலைப்பொழுதில் தாளின் மேலேயே தள்ளிவிட்டு, ஐயமுள்ள ஒன்றிரண்டுக்கு மட்டும் மட்டம் பார்க்கலாம்.

பயிற்சி

ஓர் இடம் 60 மீட்டர்க் கோட்டிலிருந்து 24 மில்லிமீட்டர். அதே வரியில் 80 மீட்டர்க் கோடு 96 மில்லிமீட்டரில் இருக்கிறது. இடத்தின் உயரம் என்ன? அதே வரியில் 80 மில்லிமீட்டரில் 72 என்னும் புள்ளி உயரம் இருந்தால் விடை எவ்வாறு மாறும்?

விடை: முதலாவது 65 மீட்டர். புள்ளியைக் கொண்டு திருத்தினால் 24-ஐ 12-ஆல் பெருக்கி 80-ஆல் வகுக்க 3.6, ஆகவே 63.6 மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் 1.4 மீட்டர். இவ்விடத்திலிருந்து 1 மீட்டர் இறக்கத்தை நம்பிக் கால்வாய் வெட்டலாமா என்பதற்கு விடை அங்கத்தினர்களுக்கே விளங்கும்.